கோட்டுக்குச் சில மீட்டர் முன்னால்

நன்னெறி மன்றம், 9 ஆம் வகுப்பு. புதன்கிழமை கடைசிப் பாடவேளை, 40 நிமிடம்.

முதலில் ஒருவர் இதைச் சத்தமாக வாசியுங்கள்.

2012 டிசம்பர். ஸ்பெயினில் புர்லாடா என்ற ஊரில் கிராஸ் கன்ட்ரி ஓட்டப் போட்டி. முதலில் ஓடிவந்தவர் கென்யாவின் ஆபெல் முத்தாய். அதே வருடம் லண்டன் ஒலிம்பிக்கில் 3000 மீட்டர் ஸ்டீபிள்சேஸில் வெண்கலம் வாங்கியவர். முடிவுக் கோட்டைத் தாண்டிவிட்டோம் என்று நினைத்து, சில மீட்டர் முன்னாலேயே ஓட்டத்தை விட்டுவிட்டார். பின்னால் வந்தவர் ஸ்பெயினின் இவான் ஃபெர்னாண்டஸ் அனயா. அவர் முந்திப் போயிருக்கலாம், போகவில்லை. முத்தாய்க்கு ஸ்பானிஷ் புரியாது என்பதால் கையைக் காட்டிக் கோடு வரை ஓடவைத்துவிட்டு, தான் இரண்டாவதாக வந்தார்.

வாட்ஸ்அப்பில் இந்தக் கதை அம்மாவைப் பற்றிய ஒரு உருக்கமான வசனத்தோடு வரும். அதை இங்கே சேர்க்கவில்லை. அது இல்லாமலேயே பேச நிறைய இருக்கிறது.

1. அனயாவின் பயிற்சியாளர் மார்ட்டின் ஃபிஸ், 1995 இல் மாரத்தான் உலக சாம்பியன். தானாக இருந்தால் அந்த வாய்ப்பைப் பயன்படுத்தி ஜெயித்திருப்பேன் என்றார். அவர் சொன்னது தப்பா? 'தப்பு' என்று உடனே சொல்பவர்கள், கபடியில் எதிரணி தடுமாறும்போது என்ன செய்கிறீர்கள் என்றும் சொல்லுங்கள்.

2. முத்தாய் செய்தது கவனப்பிசகு. கவனமாக ஓடுவதும் போட்டியின் ஒரு பகுதிதானே?

3. இதுதான் இன்றைய முக்கியமான கேள்வி, அவசரப்பட வேண்டாம். ஐரோப்பிய அல்லது உலகப் பதக்கம் கிடைக்கும் போட்டி என்றால் விஷயம் வேறு, அப்போது முந்தியிருப்பேன் என்ற பொருளில் அனயாவே பேட்டியில் சொன்னார். இதைக் கேட்டதும் அவர்மேல் மதிப்பு குறைகிறதா, இல்லை இப்படி ஒளிக்காமல் சொன்னதால் கூடுகிறதா?

செயல்பாடு (15 நிமிடம்)

ஆளுக்கு ஒரு துண்டுச் சீட்டு. பெயர் எழுதக் கூடாது. ஆசிரியர் கூட்டும்போது தவறி, உங்களுக்கு 5 மதிப்பெண் கூடுதலாக விழுந்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கீழே உள்ள ஒவ்வொன்றுக்கும் 'சொல்வேன்' அல்லது 'சொல்ல மாட்டேன்' என்று எழுதுங்கள்.

அ) வாரத் தேர்வு.
ஆ) காலாண்டுத் தேர்வு. சொன்னால் கணக்கில் ஃபெயில்.
இ) அரையாண்டுத் தேர்வு. சொன்னால் முதல் ரேங்க் பக்கத்து பெஞ்சுக்குப் போய்விடும்.
ஈ) அதே தேர்வு. ஆனால் தவறைக் கவனித்தது நீங்கள் மட்டுமல்ல, உங்கள் நண்பனும்தான்.

சீட்டுகளைச் சாக்பீஸ் டப்பாவில் போடுங்கள். இரண்டு பேர் எண்ணிக் கரும்பலகையில் எழுதட்டும். யார் கையெழுத்து என்று தேடுவது கூடாது, இதில் கண்டிப்பு உண்டு.

அப்புறம் அ-வுக்கும் இ-க்கும் நடுவே 'சொல்வேன்' எத்தனை குறைந்தது என்று பாருங்கள். ஈ-யில் எண்ணிக்கை திரும்ப ஏறினால், ஏன் ஏறியது என்பதை மணி அடிக்கும்வரை பேசலாம்.