என் கணவரை ஊருக்கு அனுப்பி வையுங்கள்

முதலாளி ஐயாவுக்கு வணக்கம். சிங்கப்பூரில் உங்களிடம் ஆறு வருசமாக வெல்டராக வேலை பார்ப்பவரின் மனைவி, பட்டுக்கோட்டையிலிருந்து எழுதுகிறேன்.

அவருக்குப் பக்கவாதம் வந்து இன்றோடு பத்தொன்பது நாள். நேற்று வீடியோ காலில் மகள் பேசினாள், அவர் இடது கையால் வலது கையைத் தூக்கிக் காட்டினார், விட்டதும் அது பொத்தென்று மெத்தையில் விழுந்தது, பிள்ளை போனை என்னிடம் கொடுத்துவிட்டுக் கொல்லைப்பக்கம் ஓடிவிட்டாள். பயணம் செய்யலாம், ஆனால் கூட ஆள் வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டாராம்.

டிக்கெட் பற்றிக் கேட்டால் உங்கள் சூப்பர்வைசர் "பார்க்கலாம்" என்கிறார். வொர்க் பெர்மிட்காரரை ஊருக்கு அனுப்பும் செலவு முதலாளியுடையது என்பது அங்குள்ள சட்டம், 5,000 வெள்ளி பாண்டு கட்டியிருப்பதும் அதற்காகத்தானே ஐயா. சண்டைக்குச் சொல்லவில்லை, எங்களிடம் காசில்லை.

திருச்சிக்கு நேர் விமானத்தில் டிக்கெட், கூட வர ஒரு நர்ஸ், வீல்சேர் ஏற்பாடு செய்து கொடுங்கள். விமானக் கம்பெனி கேட்கும் மருத்துவ படிவத்தை டாக்டரிடம் நிரப்பி வாங்க வேண்டும், அதற்கே சில நாள் ஆகுமாம், அதனால் இன்றே சொல்லிவிடுங்கள். ஸ்கேன், டிஸ்சார்ஜ் சம்மரி எல்லாம் கையோடு வரட்டும், இல்லாவிட்டால் தஞ்சாவூர் பெரியாஸ்பத்திரியில் முதலிலிருந்து ஆரம்பிப்பார்கள். அப்புறம், போன மாதச் சம்பளமும் இன்னும் வரவில்லை.

என் தம்பி ஏர்போர்ட்டுக்கு ஆம்புலன்சோடு வந்துவிடுவான். தேதி மட்டும் சொல்லுங்கள் ஐயா.

இப்படிக்கு,
உங்கள் தொழிலாளியின் மனைவி