வினா 14: ஊக்கம் – விடை (இ) ஏன்?

வினா: விருப்பப்பட்டுப் பேனாவால் படம் வரையும் குழந்தைகளிடம், "வரைந்தால் பரிசு உண்டு" என்று முன்கூட்டியே சொல்லி வரையவைத்து, சொன்னபடி பரிசும் கொடுக்கப்படுகிறது. சில நாட்கள் கழித்து, பரிசுப் பேச்சே இல்லாமல் அதே பேனாக்கள் அவர்கள் முன் வைக்கப்படுகின்றன. பின்வருவனவற்றுள் எது எதிர்பார்க்கத்தக்கது?

(அ) பரிசு வலுவூட்டியதால் முன்பைவிட அதிகம் வரைவார்கள்
(ஆ) பரிசால் எந்த மாற்றமும் இராது
(இ) பரிசு பற்றிச் சொல்லப்படாத குழந்தைகளைவிடக் குறைவாக வரைவார்கள்
(ஈ) எந்தப் பாராட்டும் பரிசும், எப்படிக் கொடுத்தாலும், ஆர்வத்தைக் குறைக்கும்

விடை: (இ)

விளக்கம்: இந்த வினாவின் உயிர் இரண்டு சொற்களில் இருக்கிறது: "விருப்பப்பட்டு", "முன்கூட்டியே". இரண்டையும் அடிக்கோடிட்டுவிட்டால் (ஆ) உடனே விழுந்துவிடும். குழந்தைக்கு ஏற்கெனவே அக ஊக்கம் இருக்கிறது. வரைவதே அதற்கு மகிழ்ச்சி. அதன்மேல் "இதைச் செய்தால் அது கிடைக்கும்" என்ற புற ஊக்கத்தை ஏற்றும்போது, "நான் ஏன் வரைகிறேன்?" என்பதற்கான காரணம் குழந்தையின் மனதில் இடம் மாறிவிடுகிறது. பிடித்திருக்கிறது என்பதற்காக அல்ல, பரிசுக்காக வரைகிறோம் என்றாகிறது. பரிசு போனதும் அந்தக் காரணமும் போகிறது. இதைத்தான் மிகை நியாயப்படுத்தல் விளைவு என்கிறோம்.

வினாவே 1973இல் லெப்பர், கிரீன், நிஸ்பெட் மூவரும் வெளியிட்ட ஆய்விலிருந்து எடுக்கப்பட்டதுதான். மழலையர் பள்ளிக் குழந்தைகளில் ஸ்கெட்ச் பேனாவால் வரைவதில் ஆர்வம் உள்ளவர்களை மட்டும் தேர்ந்தெடுத்து மூன்று குழுக்களாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்குத் தங்க நட்சத்திரமும் ரிப்பனும் வைத்த சான்றிதழை முதலிலேயே காட்டி, வரைந்தால் கிடைக்கும் என்றார்கள். இரண்டாம் குழுவுக்கு எதுவும் சொல்லாமல், வரைந்து முடித்த பிறகு அதே சான்றிதழைக் கொடுத்தார்கள். மூன்றாம் குழுவுக்குச் சான்றிதழே இல்லை. பிறகு வகுப்பறையில் பேனாக்களைச் சும்மா வைத்துவிட்டு, ஓய்வு நேரத்தில் யார் எவ்வளவு வரைகிறார்கள் என்று மறைவாகக் கவனித்தார்கள். முதல் குழு வரைவதில் செலவிட்டது சுமார் 8.6 சதவீத நேரம். பரிசே பெறாதவர்கள் 16.7, எதிர்பாராமல் பெற்றவர்கள் 18.1. ஏறத்தாழப் பாதிக்குப் பாதி! இன்னொன்று: பரிசுக்காக வரைந்தபோதே முதல் குழுவின் படங்கள் தரத்தில் குறைந்திருந்தன. எண்கள் மறந்தாலும் பரவாயில்லை, "முதல் குழு மட்டும் பாதி" என்பது நினைவில் இருக்க வேண்டும்.

இரண்டாம் குழுவின் முடிவுதான் (ஈ)யைத் தள்ளுகிறது. சான்றிதழ் அதே சான்றிதழ்தான். ஆனால் வரையும் நேரத்தில் அது மனதில் இல்லாததால் ஆர்வம் குறையவில்லை. ஆகவே கெடுப்பது பரிசு என்ற பொருள் அல்ல, அதை எதிர்பார்த்துச் செய்வது. 1971இல் எட்வர்ட் டெசி கல்லூரி மாணவர்களைக் கனசதுரப் புதிர் போடவைத்து ஆராய்ந்தபோதும் இதே போக்குதான் தெரிந்தது. புதிருக்கு ஒரு டாலர் வீதம் வாங்கியவர்கள், பணம் நின்றபின் புதிரில் ஆர்வம் குறைந்தார்கள். வாய்மொழிப் பாராட்டோ எதிர்த்திசையில் வேலை செய்து ஆர்வத்தைத் தாங்கிப் பிடித்தது. காரணம், பாராட்டு "உன்னால் முடிகிறது" என்ற தகவலைத் தருகிறது. நிபந்தனைப் பரிசு கட்டுப்படுத்துகிறது. (ஈ)யில் "எந்தப் பாராட்டும்", "எப்படிக் கொடுத்தாலும்" என்று அடித்துச் சொல்லியிருப்பதே சந்தேகப்பட வேண்டிய அறிகுறி. (இ)யைத் தெரிந்தவர்களும் கடைசி நிமிடத்தில் மாறிப் போவது இங்கேதான்.

(அ) சற்று நேர்மையான வலை. பரிசு கிடைக்கும் நடத்தை கூடும் என்ற உளவியலாளர் ஸ்கின்னரின் வலுவூட்டலைப் படித்த கையோடு வந்தால் இதுதான் சரி என்று தோன்றும். பரிசு தொடரும்வரை நடத்தை கூடலாம், உண்மைதான். ஆனால் வினா கேட்பது பரிசு நின்ற பிறகு நடப்பதை. வலுவூட்டல் கோட்பாட்டின்படியே பார்த்தாலும், வலுவூட்டி நின்றால் நடத்தை மங்கத்தான் செய்யும், அதிகரிக்காது.

வினாவைத் திருப்பிக் கேட்டால் கவனம்: "சலிப்பூட்டும், ஆர்வமே இல்லாத ஒரு வேலைக்குப் பரிசு" என்று வந்தால் (இ)யைக் கண்ணை மூடிக்கொண்டு எழுதக் கூடாது. குறைவதற்கு அங்கே அக ஊக்கமே இல்லை. அந்த நிலையில் பரிசு வேலையைத் தொடங்கவைக்க உதவலாம்.