சேர், சம்பள விசயமா ஒரு அரை மணித்தியாலம் கதைக்கணும்

வணக்கம் சேர். ஞாயித்துக்கிழமை மெசேஜ் போடுறதுக்கு குறை நினைக்காதீங்க, கிழமை நாள்ல எழுதத் தொடங்கினா லொறி வரும், இல்லாட்டி ரெப்மார் கோல் எடுப்பாங்க, பாதியில விட்டா மறுகா எழுதவே மாட்டன், அதான் இண்டைக்கு வீட்ட இருந்தே எழுதுறன். கொஞ்சம் நீளமாப் போகும், ஆறுதலா வாசிங்க, உடனே பதில் போடணும் எண்டில்ல.

என்ட சம்பளத்த ஒருக்கா திரும்பிப் பாக்கணும் எண்டு கேக்கத்தான் எழுதுறன். அத போன்லயோ மெசேஜ்லயோ முடிக்க விருப்பமில்ல, உங்கட ரூம்ல இருந்து ஒரு அரை மணித்தியாலம் கதைக்க நேரம் தந்தா நல்லம். டிசம்பர்ல ஒருக்கா கேட்டன்தான், உங்களுக்கு ஞாபகம் இருக்கோ தெரியா. கல்முனை லொறிக்கு படங்கு கட்டிக்கொண்டு நிக்கேக்க, நீங்க ஒரு காதுல போன வச்சிக்கொண்டு "பாப்பம் பாப்பம்" எண்டீங்க. அது உங்கட பிழை இல்ல சேர், மழை தூறுது, பொடியன்மார் கயிற இழுக்கிறாங்க, அந்த இடத்துல போய் சம்பளம் கேட்டது என்ட பிழை. அதான் இந்த முறை முறையா நேரம் கேக்கிறன்.

2023 ஜனவரியில 42,000 ஆக்கித் தந்தீங்க. அந்த நேரம் நாடு இருந்த நிலையில அதையே பெரிய உதவியா நினைச்சன், இப்பவும் அப்பிடித்தான் சொல்லுவன், ஏனெண்டா 2022ல டீசலுக்கு வரிசையில கிடந்த காலத்துலயும் ஒரு மாசம் கூட சம்பளம் பிந்தல, அத எங்கட வீட்டுல இன்னும் சொல்லுவாங்க. ஆனா அதுக்குப் பிறகு மூண்டு வருசமா அதே 42,000தான் நிக்குது. வேலை அதே இடத்துல நிக்கல சேர். ஸ்டோர்கீப்பர் அண்ணன் 2024 ஆகஸ்ட்ல கத்தாருக்குப் போனதுல இருந்து ஸ்டோர் சாவி என்ட கையில, "ஆள் எடுக்கிற வரைக்கும் பாத்துக்கொள்ளுங்க" எண்டீங்க, ஆள் எடுக்கல, நானும் கேக்கல. காலையில லோடிங், பின்னேரம் ரெப்மார்ட கலெக்ஷன் கணக்கு, இடையில ரிட்டர்ன் செக்குக்கு ஓட்டமாவடிக்கும் அக்கரைப்பற்றுக்கும் கோல் எடுத்து நயமா கேட்டு வாங்குறது, எல்லாம் ஒரே ஆள்தான். கஷ்டம் எண்டு சொல்ல வரல, அந்த வேலை எனக்குப் பிடிக்கும். முந்தி எக்ஸ்பயரி சாமான் மூலையில கிடந்து நம்மட நட்டத்துல போகும், இப்ப மாச முடிவுக்குள்ள கம்பனிக்கு கிளெய்ம் அனுப்புறன். 2024ல நம்மட தலையில விழுந்தது 3 லட்சத்து 80 ஆயிரம், போன வருசம் 1 லட்சத்து 10 ஆயிரம். அந்த ஷீட்ட கதைக்க வரேக்க கொண்டு வாறன், நீங்களே பாருங்க.

இன்னொரு விசயம், இதத்தான் முக்கியமா சொல்லணும் எண்டு நினைச்சன். அரசாங்கம் ஆகக்குறைஞ்ச சம்பளத்த போன வருசம் ஏப்ரல்ல 27,000 ஆக்கி, இந்த ஜனவரியில இருந்து 30,000 ஆக்கினது உங்களுக்குத் தெரியும், நீங்களும் சொன்ன மாதிரியே ஹெல்பர் பொடியன்மாருக்கு கூட்டிக் குடுத்தீங்க. அது நியாயம், அவங்க தூக்கிற மூட்டைக்கு இன்னும் குடுத்தாலும் தகும். ஆனா ஜனவரி சம்பளம் போடுற ஷீட்ட நான்தானே செய்யுறன், அதுல என்ட வரியும் அவங்கட வரியும் பக்கத்துல பக்கத்துல வந்தது. ஈபிஎஃப் 8 வீதம் 3,360 வெட்டி எனக்கு கையில 38,640. மூத்த பொடியனுக்கு 2,400 வெட்டி, ஓவர்டைம் 10,000 சேத்து 37,600. அதாவது எனக்கும் அவனுக்கும் இடையில ஆயிரத்து நாப்பது ரூபா. கல்குலேட்டர்ல ரெண்டு தரம் போட்டுப் பாத்தன், மாறல. அவன் ஆறு மணிக்கு கதவ சாத்திட்டுப் போயிடுவான், கணக்கு முடியுற வரைக்கும் நான் இருப்பன், எனக்கு ஓவர்டைமும் இல்ல. இத அவனுக்கு எதிரா சொல்லல எண்டு திரும்பவும் சொல்லுறன், பாவம் அவன்.

2024 நவம்பர் வெள்ளத்த பத்தி எழுதலாமா விடுவமா எண்டு யோசிச்சன். அண்டைக்கு நீங்க கொழும்புல மாட்டிட்டீங்க, வர ரோட்டு இல்ல, ஸ்டோருக்குள்ள முழங்காலுக்கு கீழ தண்ணி, கரண்டும் இல்ல. பால்மா பெட்டியெல்லாம் பலகைக்கு மேல அடுக்கி, அதுக்கு மேல பிஸ்கட், சீனி மூட்டையில கீழ் வரிசை 18 மட்டும் போயிட்டு. போன் டோர்ச்ச வாயில கடிச்சுக்கொண்டு எண்ணினது இப்பவும் கண்ணுக்குள்ள நிக்குது. அதுக்கு காசு கேக்கல சேர், ஆரும் செய்யுறதுதான். ஸ்டோர என்ட எண்டு நினைச்சுத்தான் பாக்கிறன் எண்டு சொல்லத்தான்.

எவ்வளவு எண்டு தொகைய இதுல எழுதல. எழுதினா அந்த ஒரு நம்பர் மட்டும் கண்ணுல நிக்கும், மிச்சத்த வாசிக்க மாட்டீங்க, அது மனுசர்ட பழக்கம். நேருல சொல்லுறன். ஒரே ஒரு விருப்பம் மட்டும் இப்பவே சொல்லி வைக்கிறன், கூட்டித் தாறதெண்டா இடைக்கிடை கையில தாற காசாவோ பெற்றோல் காசாவோ இல்லாம பேசிக்குல சேத்துத் தாங்க. அப்ப உங்கட பக்கத்தால 12 வீதமும் ஈடிஎஃப் 3 வீதமும் கூடும், அது உங்களுக்கு செலவுதான், தெரிஞ்சுதான் கேக்கிறன், எனக்கு வயசு 34, பின்னுக்கு நிக்கப்போறது அந்தக் காசு மட்டும்தான். ஒரேயடியா ஏலாட்டி ரெண்டு கட்டமா செய்தாலும் சரி, இப்ப கொஞ்சம், ஆடி மாசம் போல மிச்சம். அதையும் இருந்து கதைச்சா ஒரு முடிவுக்கு வரலாம்.

வேற இடத்துல கூப்பிடுறாங்க எண்டு சொல்லி சம்பளம் கேக்கிற ஆள் நான் இல்ல. நீங்க ஏலாது எண்டாலும் ஏன் எண்டு சொல்லுங்க, எப்ப ஏலும் எண்டும் சொல்லுங்க, அது போதும், நாளைக்கு வேலைக்கு வராம விட மாட்டன்.

நேரம் எண்டா, புதன் 11ஆம் திகதி பின்னேரம் நாலரைக்குப் பிறகு நல்லம், அண்டைக்கு களுவாஞ்சிக்குடி லொறி மட்டும்தான், வெள்ளன வந்துடும். அது சரிவராட்டி சனிக்கிழமை 14 காலையில எட்டுக்கு, ஓபிஸ் திறக்க முதல். வியாழன் வேணாம், பொத்துவில் லோடு, நான் நிக்கணும். 18, 19 போல பிறை பாத்து நோன்பு தொடங்கிட்டா காத்தான்குடி, ஏறாவூர், ஓட்டமாவடி எல்லாம் பேரீச்சம்பழம், சீனி, பால்மா எண்டு ஓடர் கொட்டும், மறுகா பெருநாள் முடியுற வரைக்கும் உங்களுக்கும் நேரம் இருக்காது எனக்கும் இருக்காது, அதுக்குள்ள கதைச்சிட்டா மனசும் லேசாகும். எந்த நாள் எண்டு மட்டும் ஒரு வரி போடுங்க சேர், கணக்குப் புத்தகத்தோட வாறன்.

வாழைச்சேனை லொறி நாளைக்கு ஆறுக்கு வெளிக்கிடும், பில் எல்லாம் நேத்தே அடிச்சு மேசையில வச்சிட்டன். வாகரை கடைக்கு மட்டும் உங்கட கையெழுத்து வேணும், கிரெடிட் லிமிட் தாண்டி நிக்குது.