6061 அலுமினியம் இழுவிசைச் சோதனை: முடிவுரை

ஒரே 3 மி.மீ. தகட்டிலிருந்து உருட்டு திசையில் வெட்டி, முழுதும் மென்மையாக்கிய ஓ, குளிர்த்த பின் அறை வெப்பநிலையில் விட்டுவைத்த டி4, குளிர்த்த பின் சூட்டில் முதுமைப்படுத்திய டி6 என மூன்று டெம்பர்களுக்கு, அதாவது வெப்பப் பதன நிலைகளுக்குப் பதப்படுத்திய 6061 அலுமினியத்தில் சராசரி விளைவுத் தகைவு (0.2% ஆஃப்செட்) முறையே 52, 143, 274 மெகாபாஸ்கல், இழுவலிமை 122, 238, 311 மெகாபாஸ்கல், 50 மி.மீ. அளவு நீளத்தில் நீட்சி 26%, 23%, 13%. ஓ-விலிருந்து டி6 வரை இழுவலிமை சுமார் இரண்டரை மடங்கு உயர, விளைவுத் தகைவு ஐந்து மடங்குக்கு மேல் உயர்ந்தது. 175 டிகிரி செல்சியஸில் 8 மணி நேரம் முதுமைப்படுத்தியபோது மெக்னீசியம்-சிலிக்கான் நுண்வீழ்படிவுகள் உருவாகி, உலோகப் படிகத்தில் உள்ள இடப்பெயர்வுகளின் நகர்வைத் தடுத்ததே இதற்குக் காரணம். இந்தச் சோதனையில் வடிவமைப்பாளருக்கு மிகவும் பயன்படும் எண், விளைவுத் தகைவுக்கும் இழுவலிமைக்கும் உள்ள விகிதம்: ஓ-வில் 0.43, டி4-ல் 0.60, டி6-ல் 0.88. டி6 நெகிழத் தொடங்கிய பின் கையிருப்பு வலிமை மிகக் குறைவு என்பதால், மடிக்க வேண்டிய பாகத்தை டி4 நிலையில் மடித்துவிட்டு, பிறகு முதுமைப்படுத்துவதே சரி. எக்ஸ்டென்சோமீட்டர் பதிவிலிருந்து கணக்கிட்ட யங் குணகம் மூன்று டெம்பர்களிலும் 67 முதல் 70 ஜிகாபாஸ்கலுக்குள் அமைந்தது. வெப்பப் பதனம் அதைக் குறிப்பிடும்படி மாற்றவில்லை. அதே மாதிரிகளுக்கு சோதனை எந்திரத்தின் கிராஸ்ஹெட் இடப்பெயர்ச்சியை வைத்துக் கணக்கிட்டால் வெறும் 18 ஜிகாபாஸ்கல்தான் வருகிறது. சட்டகத்தின் இளகலும் கிரிப் வழுக்கலும் அதில் சேர்ந்துவிடுவதால் அந்த மதிப்பை எங்கும் எடுத்துக்கொள்ளவில்லை. ஓ மாதிரிகளின் பிடிமுனைகளில் தாடைப்பல் தடங்கள் இழுபட்டு நீண்டிருந்தது வழுக்கலை நேரடியாகவே காட்டியது. டெம்பருக்கு மூன்று மாதிரிகள் மட்டுமே சோதிக்கப்பட்டன. நீட்சியில் சிதறல் ±2% என்பதால் ஓ-வுக்கும் டி4-க்கும் இடையிலான 3% வித்தியாசத்தை உறுதியான வேறுபாடாகக் கொள்ள முடியாது. மூன்றாவது டி6 மாதிரி அளவுக்குறிக்கு 4 மி.மீ. வெளியே, தோள்வளைவை ஒட்டி முறிந்தது. முறிவு தொடங்கிய விளிம்பில் மில்லிங் கட்டர் விட்ட குறுக்குக் கீறல் கண்ணுக்கே தெரிந்தது. அதன் இழுவலிமை (309 மெகாபாஸ்கல்) மற்றவற்றோடு ஒத்துப்போனதால் சராசரியில் சேர்க்கப்பட்டது, நீட்சி (7.5%) விடப்பட்டது. ஆகவே டி6-இன் 13% இரண்டு மாதிரிகளின் சராசரி மட்டுமே. ஓ டெம்பர் விளைவுற்ற விசை சுமார் 1.95 கிலோநியூட்டன், இது 100 கிலோநியூட்டன் லோட் செல்லின் கொள்ளளவில் 2% தான். அளவுத்திருத்தச் சான்று 4 கிலோநியூட்டனிலிருந்தே தொடங்குவதால், 52 மெகாபாஸ்கல் என்பதை உத்தேச மதிப்பாகவே கொள்ள வேண்டும். இந்தச் சோதனையை 20 கிலோநியூட்டன் லோட் செல்லில் திரும்பச் செய்வது அவசியம். 0.02 மி.மீ. வெர்னியரில் தடிமன் அளந்ததால் எல்லாத் தகைவுகளிலும் சுமார் 0.7% பிழைக்கு இடமுண்டு. டி4 மாதிரிகள் குளிர்த்த பின் 7 நாள் மட்டுமே அறை வெப்பநிலையில் வைக்கப்பட்டவை. மேலும் நாளானால் அவற்றின் வலிமை சற்று ஏறக்கூடும். உருட்டு திசைக்குக் குறுக்காகவோ, அறை வெப்பநிலைக்கு மேலோ, வேறு திரிபு வேகத்திலோ சோதிக்கவில்லை. பற்றவைத்த இணைப்புகளுக்கும் இம்மதிப்புகள் பொருந்தா.