அண்ணன் சட்டை

ஜனவரி 26 கொடியேற்றத்தில் அணிவகுப்புக்கு முத்துதான் தலைமை. வெள்ளை பேண்ட் புதுசாக எடுத்தாயிற்று. சட்டை மட்டும் அண்ணன் செல்வம் பள்ளிக்கூடத்துக்குப் போட்டது.

ஒத்திகையில் வம்பு வந்தது. சல்யூட் அடிக்கக் கை தூக்கியதும் சட்டை பேண்டிலிருந்து உருவிக்கொண்டு வெளியே வர, பின்வரிசை முழுக்கச் சிரிப்பு.

"நீளம் பத்தலையோ?" என்றாள் அப்பத்தா. தொடையைத் தாண்டித் தொங்குகிற சட்டைக்கு நீளத்தில் என்ன குறை?

கழனிவாசல் தையற்கார மாமா முத்துவைத் திண்ணையில் நிறுத்திக் கையைத் தூக்கச் சொன்னார்.

"கைக்குழி ரொம்ப இறங்கிக் கெடக்கு அப்பு. கை மேல போனா அது மொத்தச் சட்டையையும் இழுத்துக்கிட்டுப் போகும். பக்கத்தை மட்டும் பிடிச்சாச் சரியாகாது."

இரண்டு கையையும் பிரித்து எடுத்தார். தோள் தையலில் கழுத்துப் பக்கம் ஒன்றுமில்லாமல் தொடங்கி, ஓரத்துக்கு வரும்போது முக்கால் அங்குலம் உள்ளே போகிற மாதிரி சரித்துப் பிடித்தார். அக்குள் மேலே ஏறியது. பக்கத் தையலில் ஓரொரு அங்குலம். முன்னும் பின்னுமாகச் சேர்ந்து சுற்றளவில் நாலு அங்குலம் போய்விடும். கைக்குழி சிறுத்ததால் கையின் அடித்தையலையும் அதே கணக்கில் ஒடுக்கித் திரும்பப் பூட்டினார். கீழ் மடிப்பைத் தொடவில்லை. பேண்டுக்குள் நிற்க அந்த நீளம் வேண்டும்.

மடிப்பில் நைந்திருந்த காலரைப் பட்டியிலிருந்து பிரித்துத் திருப்பித் தைத்தார். நைந்தது அடியில் போய்விட்டது.

"உள்ள இருக்க துணியக் கத்தரிக்காதீக, அடுத்த வருசம் பிரிச்சு விடலாம்" என்றாள் அம்மா.

"அக்குள்ல மட்டும் வெட்டுறேன், இல்லாட்டி மொத்தையா உறுத்தும்."

அம்மா நீலத்தை ஒரு குவளைத் தண்ணீரில் கலக்கி, பிறகுதான் வாளியில் ஊற்றினாள். சொட்டை நேரே துணிமேல் விட்டால் திட்டுத் திட்டாகப் பிடிக்கும், அப்புறம் எந்தச் சோப்புக்கும் போகாது. கஞ்சியை நீர்க்கக் கரைத்து வடிகட்டி, சட்டை அரை ஈரமாக இருக்கும்போதே பெட்டி போட்டாள்.

காலையில் கொடி அவிழ்ந்து பூக்கள் உதிர்ந்தன. முத்து விறைப்பாகக் கை தூக்கினான். சட்டை அசையவில்லை.

முடிந்து மிட்டாய் வாங்கிக்கொண்டு வந்தால் வாசலில் செல்வம். அவசர ஆர்டர் என்று ஆத்தங்குடிக் கல் பட்டறைக்கு விடியலிலேயே போனவன், பாதியில் ஓடி வந்திருந்தான். விரலெல்லாம் காவிச் சாயம். தம்பியின் காலரைச் சரிசெய்ய நீட்டிய கையைச் சட்டென்று பின்னுக்கு இழுத்துக்கொண்டான்.

"நீயே இழுத்து விட்டுக்க. மாமா நல்லாத்தான் தச்சிருக்காக."

"உனக்கு இது சரியா இருந்துச்சாண்ணே?"

"எங்க? வளர்ற பிள்ளைன்னு ரெண்டு சைஸ் பெருசா எடுத்தாக. எனக்கும் உருவிக்கிட்டுத்தான் வரும். நான் கடைசி வரிசை, யாரு பாத்தா? அந்த மிட்டாயக் குடு."