ஆறு தாண்டிட்டா பஸ் இல்ல

யாழினி தமிழ் நல்லாவே பேசுவா. வெளிநாட்டுல பொறந்து வளந்த பொண்ணுன்னு சொன்னா நம்பவே மாட்டீங்க, வீட்டுக்குள்ள காலு வச்சா தமிழ் மட்டும்தான்னு அவ அப்பா அம்மா அவ்ளோ பிடிவாதமா இருந்தாங்க, அது போக அவளே எழுத்துக் கூட்டி படிக்க ஆரம்பிச்சு அப்புறம் கதை புக்கெல்லாம் படிச்சு தள்ளுற அளவுக்கு வந்துட்டா. தனியா ஊர் சுத்தணும்னு முதல் தடவையா கிளம்பி வந்தப்போ அவளுக்கு பாஷைய பத்தி ஒரு பயமும் இல்ல. பயம் வேற ஒண்ணுல இருந்துச்சு. யாராவது "நீ இந்த ஊரு இல்லையா"ன்னு கேட்டுடுவாங்களோங்கிறதுதான் அது. அதனால யாரு என்ன சொன்னாலும் டக்குனு "சரிங்க, சரிங்க"ன்னு தலைய ஆட்டிடுவா, புரியாட்டியும் திருப்பி கேக்க மாட்டா. இத கொஞ்சம் ஞாபகம் வச்சுக்கோங்க.

டவுன்ல ரூம் போட்டிருந்தா. அங்கேருந்து பஸ்ல ஒரு மணி நேரம் போனா ஒரு சின்ன கிராமம், அத ஒட்டி ஆறு, ஆத்துக்கு அந்தப் பக்கம் தூணெல்லாம் சாஞ்சு கெடக்குற ஒரு பழைய கல் மண்டபம். அத உக்காந்து வரையணும், ராத்திரி பத்து மணி ட்ரெயினுக்கு திரும்பி வந்துடணும், இதான் பிளான். மத்தியானம் பஸ்ஸ விட்டு இறங்குனதும் ஸ்டாப்புல உக்காந்திருந்த ஒரு பெரியவர் கிட்ட கேட்டா.

"தாத்தா, டவுனுக்கு திரும்பிப் போக பஸ் இருக்குமா?"

"இருக்கும்மா. ஆறு தாண்டிட்டா பஸ் கிடையாது, பாத்துக்க."

"சரிங்க தாத்தா."

அவளுக்கு அது பளிச்சுன்னு புரிஞ்சிடுச்சு. ஆத்துக்கு அந்தப் பக்கம் பஸ் வராது, அதனால இந்தக் கரைக்கே திரும்பி வந்துடணும். கண்ணு முன்னாடி ஆறு, அவ போகப் போறதும் ஆத்தத் தாண்டி, வேற எப்படி யோசிக்கத் தோணும் சொல்லுங்க? நீங்க அந்த இடத்துல இருந்தாலும் அப்படித்தான் நெனச்சிருப்பீங்க.

தரைப்பாலத்துல நடந்து அந்தக் கரைக்குப் போனா. தண்ணி கம்மி, நடுவுல மணல்திட்டு, ஓரமா நாணல். மண்டபத்துல உக்காந்து வரைய ஆரம்பிச்சா நேரம் போனதே தெரியல, ஒவ்வொரு தூண்லயும் ஒவ்வொரு சிற்பம், ஒரு தூண்ல யாளி வாய்க்குள்ள கல்லுலயே ஒரு உருண்டை, விரல விட்டு உருட்டலாம் ஆனா வெளிய எடுக்க முடியாது, அத எப்படி செதுக்கியிருப்பாங்கன்னு அதையே ரொம்ப நேரம் பாத்துட்டு இருந்தா. வெயில் இறங்குனதும் நோட்ட மூடிட்டு பாலத்தத் தாண்டி இந்தப் பக்கம் வந்தப்போ மணி ஆறரை. ஆத்தத் தாண்டி இந்தப் பக்கம் வந்தாச்சு, இனி கவலை இல்லன்னு நிம்மதியா ஸ்டாப்புல உக்காந்தா.

ஏழு ஆச்சு. பெரியவர் எப்பவோ கிளம்பிப் போயிருந்தாரு. சைக்கிள்ல ஒரு பையன் வந்தான், இவள பாத்ததும் ஒரு கால ஊணி நின்னான்.

"அக்கா, பஸ்ஸுக்கா நிக்கிறீங்க? பஸ்ஸு ஆறுக்கே போயிடுச்சே!"

"அப்படியா? சரி சரி, தேங்க்ஸ் தம்பி."

பையன் போயிட்டான். யாழினி பைய தூக்கிட்டு ஆத்தப் பாத்து நடந்தா.

ஆமா, பஸ்ஸு ஆத்துக்குப் போயிடுச்சுன்னு எடுத்துக்கிட்டா. ராத்திரி அங்கதான் நிப்பாட்டுவாங்க போல, இல்லன்னா கழுவ கொண்டு போயிருப்பாங்க, கிளம்புறப்போ ஏறிக்கலாம்னு அவளே ஒரு காரணமும் கட்டிக்கிட்டா. முதல்ல ஒரு அர்த்தம் மனசுல உக்காந்துடுச்சுன்னா அடுத்து வர்ற எல்லாத்தையும் அதுக்குத் தோதா வளைச்சுக்கத்தான் மனசு பாக்குது, "ஏன் தம்பி, ஆத்துக்கு எதுக்கு பஸ் போகுது"ன்னு ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தா அங்கேயே முடிஞ்சிருக்கும். கேக்கல.

போன் டார்ச் வெளிச்சத்துல கரையோரம் மேலயும் கீழயும் பஸ்ஸ தேடிட்டு இருந்தப்போ தோட்டத்துல மோட்டார நிறுத்திட்டு ஒரு பாட்டியும் அவங்க பேத்தியும் வந்தாங்க.

"யாரது அங்க?"

"நான்தான் பாட்டி. பஸ்ஸுக்கு வந்தேன்."

"பஸ்ஸா? ஆத்துலயா?"

"ஆமா பாட்டி, பஸ் ஆறுக்குப் போயிடுச்சுன்னு ஒரு தம்பி சொன்னான்."

பாட்டிக்கு ஒண்ணும் வெளங்கல. பேத்திக்கு பத்து வயசு இருக்கும், அவ ஒரு செகண்ட் யோசிச்சிட்டு விழுந்து விழுந்து சிரிக்க ஆரம்பிச்சுட்டா. "ஐயோ அக்கா, ஆறுக்குன்னா மணிக்கா! ஆறு மணிக்கு! கடைசி பஸ்ஸு ஆறு மணிக்கே போயிடுச்சு!"

யாழினிக்கு அப்பதான் மத்தியானம் பெரியவர் சொன்னதும் சேந்து உறைச்சுது. ஆறு தாண்டிட்டா. மணி ஆறு தாண்டிட்டா. அப்படியே மணல்ல உக்காந்துட்டா. ட்ரெயினும் போச்சு. பாட்டி வேற எதையும் கேக்கல, "எந்திரி கண்ணு, வா, காலைல போய்க்கலாம்"னு கைய புடிச்சு கூட்டிட்டுப் போயிட்டாங்க.

வீட்டுல சூடா ஒரு டம்ளர் பால் குடுத்தாங்க. இவ அவசரமா வாய்க்கு கொண்டு போகவும் பாட்டி, "ஆறட்டும், ஆறட்டும்"னாங்க. பேத்தி மறுபடியும் சிரிக்க ஆரம்பிச்சுட்டா, இந்தத் தடவை யாழினிக்கும் சிரிப்பு வந்துடுச்சு.

ஆனா அவளுக்கு ஒண்ணு மட்டும் ஆறவே இல்ல. ஒரே வார்த்தை ரெண்டு அர்த்தம், சரி. அப்போ இந்த ஊர்க்காரங்க மட்டும் எப்படி குழம்ப மாட்டேங்கிறாங்க? பத்து வயசு புள்ள ஒரு செகண்ட்ல புரிஞ்சுக்கிச்சே?

"உனக்கு எப்படி தெரிஞ்சுது அது மணின்னு?"

"ஆத்துக்குன்னு சொன்னா தண்ணி. ஆறுக்குன்னு சொன்னா மணி."

"யாரு சொல்லிக் குடுத்தா?"

அந்தப் புள்ளைக்கு அந்தக் கேள்வியே புரியல. யாரும் சொல்லிக் குடுக்கல, காதுல கிடந்தது அவ்ளோதான். யாழினி விடல, தூங்காம படுத்துக்கிட்டே ஒவ்வொண்ணா கேட்டுப் பாத்தா. காடு? காட்டுக்கு. வீடு? வீட்டுக்கு. சோறு? சோத்துக்கு. அப்போ ஆறு? தண்ணின்னா ஆத்துக்கு, ஆத்துல, ஆத்த. நம்பர்னா ஆறுக்கு, ஆறுல. சும்மா "ஆறு"ன்னு சொல்றப்போ ரெண்டும் ஒண்ணு, பின்னாடி "க்கு" வந்து ஒட்டுன உடனே ரெண்டும் ரெண்டு பக்கமா பிரிஞ்சுடுது. பெரியவர் சொன்னதுல குழம்ப இடம் இருந்துச்சு, பையன் சொன்னதுல சுத்தமா இல்ல, அவன் வார்த்தையிலேயே பதில் இருந்துச்சு. (சில வீடுகள்ல ஆத்துக்கு வாங்கோன்னா வீட்டுக்கு வாங்கன்னு அர்த்தம், நல்லவேளை அந்த ராத்திரி அது வேற குறுக்க வரல.)

இதுல அவள ரொம்ப தொந்தரவு பண்ணது என்னன்னா, ஆற்றுக்கு, ஆற்றில், ஆற்றைன்னு புக்குல எத்தனையோ தடவை படிச்சிருக்கா. கண்ணுக்குத் தெரியும், காதுக்குத் தெரியல. ஏன் தெரியலன்னு இருட்டுல மேல ஓட்டப் பாத்துக்கிட்டே யோசிச்சா. வீட்டுல தினமும் தமிழ்தான், ஆனா அது ஒரு ஃபிளாட்டுக்குள்ள பேசுற தமிழ். ஆறுக்கு எந்திரி, ஆறுக்குள்ள வந்துடு, இதெல்லாம் ஆயிரம் தடவை காதுல விழுந்திருக்கு. ஆத்துக்குப் போலாம்னு அந்த வீட்டுல யாராவது எதுக்கு சொல்லப் போறாங்க? போறதுக்கு ஆறு இருந்தாத்தானே.

காலைல முதல் பஸ்ஸுக்கு ஸ்டாப்புக்கு வந்தா, பேத்தியும் கூட வந்தா. அதே பெரியவர் அதே இடத்துல. நடந்தத பேத்தி முந்திக்கிட்டு சொல்லவும் அவரு பதறிட்டாரு, "அடடா, மணின்னு ஒரு வார்த்தை சேத்து சொல்லியிருக்கணும் நானு, வெளியூர் புள்ளைன்னு தோணலையேம்மா"ன்னாரு. இவ்ளோ நாளா யாராவது இப்படி சொல்ல மாட்டாங்களான்னு ஏங்கிட்டு இருந்த பொண்ணு அவ.

"வெளியூர்தான் தாத்தா. நான் பொறந்தது வளந்தது எல்லாம் வெளிநாடு. நிறைய வார்த்தை எனக்குத் தெரியாது."

சொல்லிட்டு அவரையே கேட்டா, தண்ணிய தடுத்து திருப்பி விட கட்டியிருக்கே அதுக்குப் பேர் என்ன, பலகை போட்டு திறந்து மூடுற வழிக்கு என்னன்னு. அவரு குச்சியால மண்ணுல கோடு போட்டே காட்டுனாரு, இது அணை, இது மதகு, இங்கேருந்து பிரியுறது வாய்க்கா, வயலுக்குள்ள தண்ணி நொழையுற இடம் மடை. மதகும் மடையும் ஒண்ணுதானேன்னு கேட்டா. இல்லன்னு முதல்லேருந்து சொன்னாரு. இன்னொரு தடவை கேட்டா. அவருக்கு அதுல சலிப்பே வரல, சொல்லப் போனா குஷியாயிட்டாரு.

அப்போதான் போன் அடிச்சுது, அப்பா. ட்ரெயின் ஏறுனியா இல்லையான்னு ராத்திரி பூரா மெசேஜ் போட்டிருக்காரு, சிக்னல் கிடைக்காம ஒண்ணும் வந்து சேரல. நடந்தத சொன்னா. மூச்சு விடாம திட்டிட்டு கடைசில அவரும் சிரிச்சுட்டாரு.

"அப்பா, நீங்க ஆத்துல குளிச்சிருக்கீங்களா?"

அவ வாயிலேருந்து அந்த வார்த்தை அந்த மாதிரி வந்து அவரு கேட்டதே இல்ல. கொஞ்ச நேரம் சத்தமே இல்ல, அப்புறம் ஆரம்பிச்சாரு பாருங்க, எந்த எடத்துல சுழல் இருக்கும், எந்தப் பாறையிலேருந்து குதிப்பாங்க, வெள்ளம் வந்தா சத்தம் எவ்ளோ தூரத்துல கேக்கும், அவங்கம்மா கோலெடுத்துட்டு படித்துறைக்கே வந்து அடிச்சது. இத்தனை வருஷத்துல ஒரு நாள் கூட சொல்லாத கதை. இருபத்து நாலு வயசு வரைக்கும் அவளுக்கும் கேக்கத் தோணல.

பஸ் வந்து நின்னுச்சு. கண்டக்டர் ரெண்டு தடவை விசில் அடிச்சாரு. யாழினி போன கையால மூடிக்கிட்டு பெரியவர் பக்கம் திரும்புனா.

"தாத்தா, அடுத்த பஸ் எத்தனை மணிக்கு?"

"பதினோரு மணிக்கும்மா."

"காலைல பதினொண்ணுதானே? இதே ஸ்டாப்புல, இந்தப் பக்கம்தானே நிக்கணும்?"

"ஆமாம்மா, இங்கதான், இதே எடம்."

அவ கண்டக்டருக்கு கைய ஆட்டி போகச் சொல்லிட்டு, போன திரும்ப காதுல வச்சா. "ம், சொல்லுங்கப்பா, அந்தப் பாறை எந்தக் கரையில இருந்துச்சு?"