வேதியியல் துறையின் 2025-26 நிதிக் கோரிக்கை: இனவாரி விளக்கக் குறிப்பு

பெறுநர்: முதல்வர் மற்றும் நிதிக்குழு உறுப்பினர்கள்
அனுப்புநர்: துறைத் தலைவர், வேதியியல் துறை
இடம்: ராமநாதபுரம்
நாள்: 12.02.2025

ஐயா / அம்மா,

2025 ஏப்ரல் முதல் 2026 மார்ச் வரையிலான ஆண்டுக்கு எங்கள் துறை ரூ.3,03,000 கேட்கிறது. நடப்பு ஆண்டில் எங்களுக்கு ஒதுக்கியது ரூ.1,92,000. தொகை இவ்வளவு கூடியது ஏன் என்ற கேள்வி முதலில் வரும் என்பதால் அதையே முதலில் சொல்லிவிடுகிறேன். இதில் ரூ.1,17,400 ஒரே ஒரு முறை செய்யவேண்டிய செலவு: ஆய்வக ஆவியை வெளியே இழுக்கும் ஃபியூம் ஹூட்டின் பழுது, நீர் சுத்திகரிப்புக் கருவி, கண் கழுவும் குழாய். அவற்றைக் கழித்தால் வழக்கமான செலவு ரூ.1,85,600. சென்ற முறை ஒதுக்கியதைவிட இது ரூ.6,400 குறைவு.

| இனம் | தொகை (ரூ.) |
|---|---|
| வேதிப்பொருட்கள் | 98,000 |
| கண்ணாடிப் பொருட்கள் | 30,000 |
| ஃபியூம் ஹூட் பழுது | 64,000 |
| நீர் சுத்திகரிப்புக் கருவி | 42,000 |
| பாதுகாப்புப் பொருட்கள் | 30,000 |
| கழிவு அகற்றல் | 9,000 |
| எரிவாயு | 24,000 |
| சிறப்புச் சொற்பொழிவு | 6,000 |
| மொத்தம் | 3,03,000 |

ஃபியூம் ஹூட் (ரூ.64,000)

பட்டியலில் எங்களுக்கு மிக முக்கியமானது இதுதான். முதன்மை ஆய்வகத்தில் இருக்கும் ஒரே ஃபியூம் ஹூட் சென்ற நவம்பரிலிருந்து வேலை செய்யவில்லை என்றே சொல்லவேண்டும். சுவிட்ச் போட்டால் மோட்டார் சுற்றும் சத்தம் கேட்கிறது. ஆனால் வாய்ப்பகுதியில் மெல்லிய காகிதத் துண்டைப் பிடித்துப் பார்த்தால் அது உள்ளே இழுபடாமல் நேராகத் தொங்குகிறது. மேலே ஏறித் திறந்து பார்த்தோம். அமில ஆவி பட்டுப் பட்டு, இரும்பு விசிறி இறக்கைகளில் விரல் நுழையும் அளவுக்கு ஓட்டைகள் விழுந்துவிட்டன. சுற்றும்போது துரு உதிர்ந்து கீழே உள்ள மேடையில் கொட்டுகிறது.

அடர் நைட்ரிக் அமிலத்தைச் சூடாக்கும் சோதனைகளையும் புரோமின் கையாளும் தயாரிப்புகளையும் இப்போது ஜன்னல் ஓரத்தில் வைத்துச் செய்கிறோம். காற்று எதிர்ப்பக்கம் திரும்பினால் ஆவி முழுவதும் மாணவர்கள் மேல்தான் வருகிறது. டிசம்பரில் ஒரு பிராக்டிகல் வகுப்பைப் பாதியில் நிறுத்தி எல்லோரையும் வெளியே அனுப்பவேண்டி வந்தது. அதன்பிறகு புரோமின் சோதனையைச் செய்முறை விளக்கமாக மட்டும் நடத்துகிறோம். தேர்வில் கேட்கப்படும் ஒரு சோதனையை மாணவர்கள் கையால் செய்து பார்க்காமலே போகிறார்கள். ஒரு ஆசிரியராக இதை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

மூன்று கொட்டேஷன்கள் வாங்கினோம்: ரூ.64,000, ரூ.71,500, ரூ.78,000. குறைந்த தொகையைக் கேட்கிறோம். அதிலேயே பிளாஸ்டிக் விசிறி, பி.வி.சி. குழாய், ஆவி படாதபடி வெளியே பொருத்தும் மோட்டார் எல்லாம் அடங்கும். இரும்பு விசிறியையே மாற்றிப் போட்டால் செலவு இன்னும் குறையும்தான், ஆனால் சில ஆண்டுகளில் இதே நிலைக்கு வந்து நிற்போம்.

நீர் சுத்திகரிப்புக் கருவி (ரூ.42,000)

எங்களுக்கு ஒரு நாளைக்குச் சுமார் 40 லிட்டர் சுத்த நீர் தேவை. 150 பிராக்டிகல் நாட்களுக்கு 6,000 லிட்டர். இப்போது போர் தண்ணீரைக் கொதிக்கவைத்து வடிக்கிறோம். நம் ஊர்த் தண்ணீரின் உப்பு பற்றிச் சொல்லத் தேவையில்லை. ஹீட்டர் சுருளில் வெள்ளையாகக் கெட்டிப் படிவம் ஏறி, ஆண்டுக்கு இரண்டு முறை சுருளை மாற்றுகிறோம். ஒவ்வொரு முறையும் ரூ.6,500. வடிகலன் மணிக்கு 3 யூனிட் மின்சாரம் எடுத்து 4 லிட்டர்தான் தருகிறது. ஆக, ஆண்டுக்கு 4,500 யூனிட். இது எங்கள் கணக்கில் வராமல் கல்லூரியின் மின் கட்டணத்தில் போய்விடுவதால் கண்ணில் படுவதில்லை. அதைவிட மனதை உறுத்துவது, ஒரு லிட்டர் வடிக்க 10 லிட்டருக்கு மேல் குளிர்நீர் சாக்கடையில் ஓடுகிறது என்பது.

கேன் நீர் வாங்குவதைப் பற்றியும் யோசித்தோம். லிட்டர் ரூ.12 வீதம் ஆண்டுக்கு ரூ.72,000 ஆகும். நாங்கள் கேட்கும் அயனி நீக்கும் கருவி ரூ.42,000. இதில் பொருத்துக்கூலியும், நீரின் உப்பைப் பிடித்துக்கொள்ளும் ரெசின் முதலாண்டுக்கும் அடக்கம். அதற்குப் போர் தண்ணீரைக் கொடுத்தால் ரெசின் சீக்கிரம் தீர்ந்துவிடும். அதனால் வளாகத்துக்கு வரும் காவிரிக் குடிநீரிலிருந்து நாளொன்றுக்கு 40 லிட்டர் எடுத்துக்கொள்ள அனுமதியும் வேண்டுகிறோம்.

வேதிப்பொருட்கள் (ரூ.98,000)

பாடத்திட்டத்தில் உள்ள ஒவ்வொரு சோதனைக்கும் ஒரு மாணவருக்கு எவ்வளவு, எத்தனை முறை என்று கணக்கிட்டு, ஜனவரி 31 அன்று இருப்புப் பதிவேட்டில் இருந்ததைக் கழித்து வந்த தொகை இது. அமிலங்கள், காரங்களுக்கு ரூ.24,000, கரிமச் சேர்மங்கள், கரைப்பான்களுக்கு ரூ.38,400, உப்புகள், காட்டிகளுக்கு ரூ.24,000.

மீதி ரூ.11,600 நான்கே நான்கு சிறிய பாட்டில் வெள்ளி நைட்ரேட்டுக்கு. ஒவ்வொரு ஆண்டும் நிதிக்குழுவில் இதைப் பற்றிக் கேட்கிறார்கள், கேட்பதும் நியாயம்தான். இந்த உப்பின் எடையில் 63 சதவீதத்துக்கும் மேல் வெள்ளிதான். வெள்ளி விலை ஏறினால் இதுவும் ஏறும். 25 கிராம் பாட்டில் சென்ற ஆண்டு ரூ.2,300, இப்போது ரூ.2,900. குளோரைடு அளவிடும் டைட்ரேஷனை 48 மாணவர்கள் தேர்வோடு சேர்த்து நான்கு முறை செய்கிறார்கள். முறைக்கு 100 மி.லி. என்றால் 19.2 லிட்டர் கரைசல். முன்பு 0.05 N கரைசல் பயன்படுத்தினோம், அதற்கு 163 கிராம் வேண்டும். 0.02 N ஆகக் குறைத்ததால் 65 கிராம் போதும். உப்புப் பகுப்பாய்வுக்கு இன்னும் 30 கிராம். வெள்ளி கலந்த கழிவைத் தனி ஜாடியில் சேர்த்தும் வருகிறோம்.

கண்ணாடிப் பொருட்கள் (ரூ.30,000)

பியூரெட் 30 (ரூ.12,600), பிப்பெட் 40 (ரூ.3,800), கூம்புக் குடுவை 60 (ரூ.6,600), சோதனைக் குழாய் 1,000 (ரூ.7,000). செவ்வாய், வியாழன் பிற்பகல்களில் இரண்டு ஆய்வகங்களும் ஒரே நேரத்தில் நடப்பதால் 72 பியூரெட்டுகள் வேண்டும். நல்ல நிலையில் இருப்பவை 46. நடப்பு ஆண்டில் உடைந்த 28-இல் 17 ஒரே விதமாகப் போனவை: சோடியம் ஹைட்ராக்சைடை ஊற்றியபின் சரியாகக் கழுவாததால் கண்ணாடித் திருகு இறுகிக்கொள்ளும், அதை முறுக்கும்போது உடையும். அதனால் இம்முறை டெஃப்லான் திருகு உள்ளவற்றைக் கேட்கிறோம். விலை கொஞ்சம் கூடுதல், ஆனால் அவை இறுகுவதில்லை.

மற்றவை

பாதுகாப்புப் பொருட்களில் கண்ணில் அணியும் கண்ணாடி 60 (ரூ.9,000), பிப்பெட் உறிஞ்சு பல்பு 48 (ரூ.6,000), நான்கு தீயணைப்பான்களை மறுநிரப்பல் (ரூ.3,600), கண் கழுவும் குழாய் (ரூ.11,400). பல்பு போதாததால் சில மாணவர்கள் இன்னும் வாயால் உறிஞ்சுகிறார்கள். அமிலம் தெறித்தால் கழுவ இப்போதைக்கு வாஷ்பேசின் குழாய்தான் இருக்கிறது.

கரிமக் கரைப்பான் கழிவைச் சாக்கடையில் கொட்டுவதை நிறுத்திவிட்டோம். உரிமம் பெற்றவர்கள் வந்து எடுத்துச்செல்ல ரூ.9,000. எரிவாயு, 19 கிலோ வணிக சிலிண்டர் 12, தலா ரூ.2,000 வீதம். மாதாமாதம் விலை மாறுவதால் சிறு வித்தியாசம் வரலாம். சொற்பொழிவுகள் மூன்று, தலா ரூ.2,000.

தொகையைக் குறைத்தே ஆகவேண்டும் என்றால் முதலில் சொற்பொழிவுகளை விட்டுவிடுகிறோம். அப்புறம் சோதனைக் குழாய்களைப் பாதியாக்கிச் சமாளிக்கலாம். அதற்கும் மேல் போனால் நீர்க் கருவியை அடுத்த ஆண்டுக்குத் தள்ளலாம், ஆனால் ஹீட்டர் சுருளுக்கு ரூ.13,000 தரவேண்டியிருக்கும். ஃபியூம் ஹூட்டிலும் பாதுகாப்புப் பொருட்களிலும் கைவைக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். ஜூனில் வகுப்பு தொடங்குமுன் வேலை முடிய, ஹூட்டுக்கான ஒப்புதல் மட்டுமாவது ஏப்ரலிலேயே கிடைத்தால் நல்லது. குழு உறுப்பினர்கள் ஒருமுறை ஆய்வகத்துக்கு வந்தால் அந்த விசிறியை நேரில் காட்டுகிறேன்.

இப்படிக்கு,
துறைத் தலைவர்,
வேதியியல் துறை